இளஞ்சிவப்பை மட்டும் தனியே எடு

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்து பயந்து வாழ்கிற ஆண்பிள்ளை ஒருவரை நான் பீளமேட்டில் எம்.பில். படிக்கும்போது பார்த்தேன். பெயர் கிருபாசங்கர். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். வகுப்பு தொடங்கி மாசக்கணக்காக அவர் என்னிடம் பேசியதெல்லாம் "ஏனுங்க", "சரிங்க", "வாரேனுங்க" அவ்வளவுதான். அந்த மனுஷன் மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள், நான் அதிலும் உரக்கப் பேசுகிறவள். பேசாத ஆளைப் பார்த்ததும் மனசு போய் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் எங்கள் ஆங்கிலத் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. துறைத் தலைவர் வரதராஜுலு சார் அதற்கு மாலை போட்டு, சூடம் காட்டி, தனி அறையில் வைத்துப் பூட்டினார். ஃபிளாப்பி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. வேறொரு துறையில் யாரோ கொண்டுவந்த ஃபிளாப்பியிலிருந்து வைரஸ் ஏறி, பரீட்சைக் கேள்வித்தாள் மொத்தமும் அழிந்துபோயிற்றாம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து, ஃபிளாப்பியோடு உள்ளே வருகிறவர் டி.சி.யோடுதான் வெளியே போவார் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டார். எதைப் படிப்பதானாலும் அங்கேயே உட்கார்ந்து படிக்கவேண்டும், அந்தப் பெட்டிக்குள்ளேயே சேமிக்கவேண்டும். வெளியே ஒரு எழுத்து போகாது.

அந்தப் பெட்டிக்குள் எங்களுக்காக ஒரு நாவல் இருந்தது. சாருடைய அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஈமெயிலில் அனுப்பிய மின்புத்தகம். பழைய ஆங்கில நாவல், பெயர் 'டன்ஸ்லோ பண்ணை'. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் இருந்தது. பண்ணைக்காரர் மகள் டார்கஸ், அவளையே சுற்றிச் சுற்றி வருகிற பில்பீம் என்ற இளைஞர், மிச்சமெல்லாம் மாடு, பால், மழை, எரு. அச்சுப் புத்தகம் எந்த நூலகத்திலும் கிடையாது. யாரும் தொடாத நாவல் என்பதாலேயே சாருக்கு அதன் மேல் கொள்ளை ஆசை.

"லோகப்பிரியா, இதுல அந்தப் பொண்ணு எங்கெங்க மாட்டேன்னு சொல்றாளோ அத்தனையும் நீ பாரும்மா. அதுதான் உன் ஆராய்ச்சி. கிருபா, நீ வெவசாயத்தைப் பாரு" என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்.

காலை எனக்கு, மத்தியானம் அவருக்கு. புத்தகம் ஒன்று, ஃபைல் ஒன்று. அதை வேர்டில் திறந்து, வரிக்கு வரி உடைந்து கிடந்ததையெல்லாம் ஒட்டி ஒழுங்கான பத்திகளாக்கி வைத்தவர் கிருபாசங்கர்தான். அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். வேர்டில் மார்க்கர் பேனா மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வரிகளின் மேல் இழுத்தால் பின்னால் வண்ணம் பூசிக்கொள்ளும். நான் மஞ்சள், அவர் பச்சை. கடைசியில் குறித்ததையெல்லாம் தனியாக ஒரு குறிப்புக் கோப்பில் எடுத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதவேண்டும் என்பது சாரின் ஏற்பாடு.

ஒருநாள் காலை போய் உட்கார்ந்தால் மௌஸ் நகரவில்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் உருண்டையைக் காணோம். முந்தின நாள் மத்தியானம் மகானுபாவர் அதைத் துடைப்பதற்காகக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கே போய்விட்டிருக்கிறார். வராந்தாவில் பிடித்து நிறுத்தினேன். "ஏனுங்க, உங்களுக்கு மண்டைல ஏதாச்சும் இருக்குதுங்களா? அரை நாள் எனக்குப் பாழாப் போச்சு!" என்று நான் கத்தின கத்தில் வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் உருண்டையை என் கையில் வைத்துவிட்டு "சரிங்க" என்றார். சரிங்களாம்!

மறுநாள் ஃபைலைத் திறந்து ஷிஃப்ட்டையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தினேன். அப்படிச் செய்தால், கடைசியாகச் சேமித்தபோது கை வைத்திருந்த இடத்துக்கே வேர்டு கொண்டுபோய் விடும். போய் விழுந்த இடத்தில் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. இளஞ்சிவப்பு. நாவல் ஆங்கிலம்தான், தமிழில் சொல்கிறேன்: "மிஸ் டார்கஸ், இன்று கோபமாக இருக்கிறீர்கள். அது என்மேல் இல்லை என்றால் நான் தேநீர் குடிப்பேன். என்மேல்தான் என்றால் மழையில் நிற்பேன்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமில்லை. அடப்பாவி, ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பார்க்கிறது! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு ஆராய்ச்சியாவது ஒன்றாவது. கன்ட்ரோல் எஃப் போட்டு நாவல் முழுக்க 'மழை' என்ற சொல்லைத் தேடினேன். சமையல்காரி ஒருத்தி வேலைக்காரனிடம் சொல்கிற வரி அகப்பட்டது: "நில்லப்பா, நன்றாக மழையில் நில். முட்டைக்கோஸ்கூட அப்படித்தான் பெரிசாகிறது." அதற்கு இளஞ்சிவப்புப் பூசி, சேமித்து, மூடிவிட்டு வந்தேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மஞ்சளும் பச்சையும் படிப்புக்கு, இளஞ்சிவப்பு எங்களுக்கு. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "ஏனுங்க" என்று நகர்ந்துவிடுவார். ஃபைலுக்குள்ளோ பில்பீம் வாயாலும், மாட்டு வைத்தியர் வாயாலும், ஒருமுறை பண்ணைக் கழுதையைப் பற்றிய வர்ணனையாலும் என்னோடு மல்லுக்கு நின்றார். நான் தலைக்குக் குளித்து மல்லிகை வைத்துக்கொண்டு போன நாளைக்கு, ஆப்பிள் தோட்டம் பூத்ததைப் பற்றி ஒரு பத்தி முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடந்தது. அதைப் படித்துவிட்டு நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன், பொய் சொல்லவில்லை.

சுற்றிய கையோடு ஒரு காரியமும் செய்தேன். அவர்கள் என்ன கூட்டம், அதாவது என்ன குலம், என்று ஜாடைமாடையாக விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை ஆகிவிடும், கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. வேறு கூட்டம்தான் என்று தெரிந்த அன்று நான் துறை முழுக்கக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை.

குறையொன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் அன்னூரில் எங்கள் வீட்டில் அப்பா ஆரம்பித்தார். "கண்ணு, ஞாயித்துக்கெழம கோபியில இருந்து உன்னைப் பாக்க வராங்க. பையன் உரக்கடை வெச்சிருக்கான், நல்ல எடம். அவிங்களுக்குப் புடிச்சுதுன்னா அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"உனக்கு வேற ஆரையாச்சும் மனசுல இருந்தாச் சொல்லு அம்மணி. இப்பவே சொல்லு. நாயமா விசாரிச்சுப் பாக்கறேன்."

எங்கப்பா ஆறுச்சாமி மோசமானவர் இல்லை. சொன்னால் கேட்பார்தான். ஆனால் என்ன சொல்வது? ஒரு பையன் கம்ப்யூட்டரில் ஆப்பிள் தோட்டத்துக்கு வர்ணம் பூசினான் என்றா? எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைக் கட்டிக்கொள்ள ஆசையா, அல்லது சும்மா விளையாட்டா? அது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாகவேண்டும். நானே வாய் திறந்து கேட்பதா என்று வீம்பு வேறு. வாயாடி என்றுதான் பெயர், இதில் மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை டார்கஸின் வரி ஒன்றைக் குறித்தேன்: "ஞாயிற்றுக்கிழமை மாவு மில்காரர் மகனை அழைத்து வருகிறார்கள். கிடாரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். பல்லைக் காட்டச் சொன்னால் கடித்துவிடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை பையைக்கூடக் கீழே வைக்காமல் ஷிஃப்ட் எஃப்5 அழுத்தினேன். முப்பத்தோராம் அத்தியாயத்தில் போய் விழுந்தேன். பில்பீம் பேசுகிறான்: "சனிக்கிழமை என் தந்தையை உங்கள் தந்தையிடம் அழைத்து வரட்டுமா? நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்."

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் குதித்தேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குதித்தேன். பிறகு பதில் தேட உட்கார்ந்தால், இந்தச் சீமாட்டி டார்கஸை நாவல் முழுக்க மாட்டேன் மாட்டேன் என்றே சொல்ல வைத்திருக்கிறாள். ஒரு 'சரி' கிடையாது. ஆத்திரமாக வந்தது. அப்புறம் இரண்டாம் அத்தியாயத்தில் டார்கஸின் அம்மா பக்கத்துப் பண்ணைக்காரர்களைக் கூப்பிடுகிற இடம் ஞாபகம் வந்தது: "வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள்! அடுப்பில் கெண்டி கொதிக்கிறது. நாற்காலி போதாவிட்டால் தரையில் உட்காரலாம்!" இதைவிட என்ன வேண்டும்?

சந்தோஷத்தில் எனக்குக் கை பரபரத்தது. பாக்கிக் கிடந்த ஆராய்ச்சி வேலையையெல்லாம் அன்றைக்கே முடித்துவிட்டேன். டார்கஸ் மாட்டேன் சொல்கிற இடங்களுக்கெல்லாம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் அவள் பில்பீமுக்கே சொல்கிற பெரிய மறுப்பையும் விடவில்லை. எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் கெண்டிக்கு இளஞ்சிவப்பு அடித்துச் சேமித்தேன். மத்தியானம் அவர் வந்து திறந்தால் நேராகக் கெண்டியில்தான் விழவேண்டும்.

அவர் திறக்கவே இல்லை. அதற்குள் வரதராஜுலு சாருக்கு எங்கள் மேல் கருணை பொங்கிவிட்டது. மத்தியானம் துறையில் கருத்தரங்கு. நானும் கிருபாசங்கரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக் கஷ்டப்படக்கூடாது என்று, சாப்பாட்டு நேரத்தில் எம்.சி.ஏ. படிக்கிற நித்யஸ்ரீயைக் கூப்பிட்டு ஒரு மேக்ரோ எழுத வைத்திருக்கிறார். அந்த மேக்ரோ நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரை தேடிக்கொண்டே போகும். வண்ணம் பூசிய இடம் கண்ணில் பட்டதும் அதை நகலெடுத்து, முன்னால் அத்தியாய எண்ணைப் போட்டு, தனிக் குறிப்புக் கோப்பில் ஒட்டும். எடுத்த இடத்தையே மறுபடி எடுத்துவிடக்கூடாதே என்று அந்த வண்ணத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பொத்தானை அழுத்தினால் போதும், கடகடவென்று எல்லாம் வந்துவிடும். வந்துவிட்டது.

கருத்தரங்கில் சார் எழுந்து நின்று, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த தாள்களைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க! மாசக்கணக்கான உழைப்பு, சாப்பிட்டுக் கை கழுவற நேரத்துல தனியா வந்துருச்சு!" எனக்கொரு பிரதி, கிருபாசங்கருக்கொரு பிரதி, தன் கையில் ஒன்று.

முதல் தாளைப் பார்த்தேன். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். எது மஞ்சள், எது பச்சை, எது இளஞ்சிவப்பு? ஒன்றுமில்லை. மேக்ரோவுக்கு வண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு, எந்த வண்ணம் என்பது கணக்கில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த என் மஞ்சளும் அவர் பச்சையும் சேர்ந்துபோய், டார்கஸின் கண்ணீரும் மாட்டு எருவின் பயனும் ஒரே மேற்கோளாக வந்திருந்தன. சார் அதை உரக்கப் படித்தார். "ஆஹா, என்ன ஒரு தொடர்பு!" என்று வேறு வியந்தார். வகுப்பு சிரித்தது. கழுதை வந்தது, முட்டைக்கோஸ் வந்தது. எனக்கு முகம் சூடேறிற்று, ஆனாலும் சிரிப்பும் வந்தது. கெண்டி ஆரம்பத்திலேயே வந்துபோயிருந்தது. எந்தக் கேள்விக்கும் முன்னால் அநாதையாக நின்ற அதை, பண்ணை வீட்டு விருந்தோம்பல் என்று சொல்லிவிட்டு சார் தாண்டிப் போயிருந்தார்.

கடைசித் தாளுக்கு வந்தார். "முப்பத்தொண்ணு. சனிக்கிழமை என் தந்தையை உங்கள் தந்தையிடம் அழைத்து வரட்டுமா? நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்." அதற்கு நேர் கீழே அடுத்த மேற்கோள். சாருக்குக் குரல் எடுப்பாக வந்தது: "முப்பத்திரண்டு. மாட்டேன், ஐயா. இன்றும் இல்லை, அறுவடைக்குப் பிறகும் இல்லை. ஊரையே திரட்டிக்கொண்டு வந்தாலும் என் பதில் இதுதான்."



திரும்பிப் பார்த்தேன். கிருபாசங்கர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மத்தியானம் அவர் மூடும்போது அந்த மாட்டேன் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இன்று காலை நான்தான் குறித்தேன். அது மஞ்சள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் ஆராய்ச்சியே மாட்டேன்தான் என்று கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? பயந்த மனுஷனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்! தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் "வாரேனுங்க" என்றார். போய்விட்டார்.

நான் எழுந்தேன். "உக்காரும்மா! இந்த மறுப்பைத் தேடிப் புடிச்சு எடுத்தியே, இதுதான் உன் ஆய்வேட்டோட உயிர்நாடி!" என்று சார் என்னைப் பிடித்து வைத்துப் பாராட்டினார். பாராட்டினார், பாராட்டினார், விடவே இல்லை. என் வாழ்க்கையில் பாராட்டைக் கேட்டு அழுகை வந்தது அன்றைக்குத்தான். வெளியே ஓடிவந்து பார்த்தபோது அவிநாசி ரோட்டில் அவர் போகிற பஸ் புறப்பட்டுப் போயிருந்தது.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். ஃபைலைத் திறந்தால் நாவல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆப்பிள் தோட்டம் இல்லை, மழை இல்லை, எல்லாம் துடைத்தாகிவிட்டது. நித்யஸ்ரீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, என்னடி செஞ்சுபோட்டே!"

"ஏங்க்கா? எல்லாம் கரெக்டாத்தானே வந்துச்சு?"

"நெறம் எங்கடி? நெறம்!"

"நெறத்தைப் பத்தி சார் ஒண்ணுமே சொல்லலீங்க்கா. குறிச்சதையெல்லாம் எடுன்னாரு, எடுத்தேன்." அவள் என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண், மெதுவாக அவள் கண் பெரிதாயிற்று. "ஐயோ அக்கா! யாருங்க்கா?"

"அது யாரா இருந்தா உனக்கென்ன? திரும்பக் கொண்டா!"

அவள் ஒரு நிமிஷம் நகத்தைக் கடித்தாள். பிறகு அந்த ஃபோல்டரையே திறந்து எனக்குக் காட்டினாள். எங்கள் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று இருந்தது. சாரின் வைரஸ் பயம் என்றைக்கும் வாழ்க! எந்த ஃபைலைச் சேமித்தாலும் அதற்கு முந்தைய வடிவத்தை ஒரு காப்பு நகலாக வைத்துக்கொள்ளும்படி வேர்டில் அவர் ஏற்கெனவே குறி போட்டு வைத்திருந்திருக்கிறார். மேக்ரோ ஓடி முடிந்து ஒரே ஒரு தடவைதான் சேமித்திருந்தாள். ஆகவே அந்த நகல், நான் காலையில் கெண்டிக்கு வர்ணம் பூசிச் சேமித்த அதே வடிவம். திறந்தாள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு! நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

"ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் இருக்குதுங்க்கா. மஞ்சளுக்கு ஏழு, இந்த ரோஸுக்கு அஞ்சு. அஞ்சா இருந்தா மட்டும் எடுன்னு ஒரு வரி சேத்தாப் போதும்" என்றாள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. காப்பு நகலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வரியைச் சேர்த்து ஓட்டினாள். இந்தமுறை துடைக்கிற வேலையையும் எடுத்துவிட்டாள். தனிக் கோப்பில் நாங்கள் மட்டும் வந்தோம். கெண்டி, முட்டைக்கோஸ், கழுதை, ஆப்பிள் தோட்டம், கிடாரி, கடைசியில் அவர் கேள்வி. அதோடு முடிந்தது. அதற்குக் கீழே ஒரு மாட்டேனும் கிடையாது. பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியதை மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டேன்.

பீளமேட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "ஆருங்க?" என்று பின்னணியில் தறிச் சத்தத்தோடு ஒரு கட்டைக்குரல். அவங்கப்பா. நான் படக்கென்று வைத்துவிட்டேன். பூத்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நானும் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை, ஆய்வேட்டில் ஒரு திருத்தம் என்று வீட்டில் சொல்லிவிட்டு (பொய்யில்லை பாருங்கள்) அன்னூரிலிருந்து கருமத்தம்பட்டி பஸ் ஏறினேன். பஸ் என்னவோ மாடு மேய்க்கப் போவதுபோல் போயிற்று. போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வாய் இருக்கிற மனுஷன் வாயால் கேட்டிருந்தால் இந்தப் பாடு உண்டா? கூடவே என்னையும் திட்டிக்கொண்டேன். வாயாடி, வாயாடி என்று பேரெடுத்து என்ன பிரயோசனம்? எதிரே எத்தனையோ வண்டிகள் அன்னூர்ப் பக்கம் போயின. நான் எதையும் கவனிக்கவில்லை.

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. சத்தம் வந்த பக்கம் போனேன். வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகை. வரிசையாகத் தறிகள் டடக் டடக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. வாசலில் நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அதே கண், அதே மூக்கு. அவங்கம்மா பழனாத்தாள்.

"ஆரு கண்ணு? ஆரப் பாக்கோணும்?" என்று சத்தத்துக்கு மேல் கேட்டார்.

"கிருபாசங்கர் இருக்காருங்களா?"

"அவனும் அவிங்கப்பாவும் அன்னூருக்குப் போயிருக்காங்க கண்ணு. பொண்ணு கேக்க!"

எனக்குக் காது அடைத்ததா, தறி அடைத்ததா தெரியவில்லை. "எங்கீங்க?"

"அன்னூருக்கு! ஏதோ கூடப் படிக்கற புள்ளையாமா. நேத்து ஊட்டுக்கு வந்து சோறுங்கூடத் திங்காம உக்காந்திருந்தான். என்னடான்னு கேட்டா, அந்தப் புள்ள முடியாதுன்னு தாள்ல குறிச்சுப்போட்டுதுங்கறான். அப்பறம் இன்னைக்குக் காத்தால அவனே எந்திரிச்சு, இல்லீங்கம்மா, தாளுல வந்தது ஆரோ எழுதுன வார்த்தை, நான் போயி என்ற வாயால ஒருக்காக் கேட்டுப்போட்டு வந்தர்றேன், அவிங்க வாயாலயே முடியாதுன்னு சொல்லட்டும்னான். என்ற பையன் அத்தனை வார்த்தை சேர்ந்தாப்புல பேசி இன்னைக்குத்தான் கேட்டேன் கண்ணு!"

ஐயோ சாமி! என் நெஞ்சு தறியைவிட வேகமாக அடித்தது. பேசாத மனுஷன் பேசுவதற்காகக் கிளம்பிப் போயிருக்கிறார், நான் அதே ரோட்டில் எதிரே வந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். ஜாக்கெட்டிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். "நான்தானுங்க அந்தப் புள்ள! நான் முடியாதுன்னு சொல்லவே இல்லீங்க, இதப் பாருங்க!"

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணு. வாயில சொல்லு!"

சொன்னேன். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?" என்று காதைக் காட்டினார். மறுபடி சொன்னேன். "இந்தச் சனியன் புடிச்ச தறியில ஒண்ணும் கேக்கல, இரு!" என்று விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். சனிக்கிழமை வேலை நாள், தறியெல்லாம் ஓட்டத்தில். மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தார். தறிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் என்ன ஆயிற்று என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் சத்தத்துக்கு மேல் கத்துவதற்காக மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன், அதை அடக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

"எனக்கு உங்க பையனைப் புடிச்சிருக்குதுங்க! கட்டிக்கிறேனுங்க!"

என் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டுத் தறிகூட நின்றுபோன மாதிரி இருந்தது. பிறகு தறிக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். பழனாத்தாள் அம்மா வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"உள்ள வா கண்ணு. அங்க உன்ற ஊட்டுக்கு ஃபோனப் போடு. உன்ற அப்பங்கிட்ட நீயே இதே மாதிரி சொல்லு. இந்த ஊட்டுல இப்படித்தான் பேசோணும்."